அந்த கோல்டு பேக்கேஜ் யாருக்காக?

கேள்வி:

"வணக்கம் சார். கோத்தகிரி பக்கத்தில் சின்னதாகத் தேயிலைத் தோட்டம் வைத்திருக்கிறோம். மகளுக்கு ஐப்பசியில் குன்னூர் மண்டபத்தில் கல்யாணம். போட்டோ, வீடியோவை 50,000 ரூபாய்க்குள் முடிக்க நினைத்தோம். ஸ்டுடியோவில் ஒரு அட்டை கொடுத்தார்கள். சில்வர் 45,000: போட்டோகிராபர் ஒருவர், வீடியோகிராபர் ஒருவர், 30 ஷீட் ஆல்பம் ஒன்று. கோல்டு 82,000: அதோடு கேண்டிட் போட்டோகிராபர், ஆல்பம் 40 ஷீட். பிளாட்டினம் 90,000: கோல்டில் இருப்பதெல்லாம், கூடவே சினிமா மாதிரி ஒரு குட்டி வீடியோ, ட்ரோன், கல்யாணத்துக்கு முன்னால் அவுட்டோர் ஷூட், இரண்டாவது ஆல்பம், மண்டபத்தில் எல்.இ.டி. திரை. 'கோல்டுக்கு மேல வெறும் எட்டாயிரம்தானே அக்கா, இதுக்குப் போய் யோசிக்கலாமா?' என்கிறான் என் தம்பி. வீட்டுக்காரரும் தலையாட்டிவிட்டார். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது, ஆனாலும் எங்கோ இடிக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்குள் அட்வான்ஸ் கேட்கிறார்கள். எதை எடுப்பது?"

பதில்:

வணக்கம்மா. நேராகச் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை பிளாட்டினத்துக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். அதற்கு முன்னால் ஸ்டுடியோவுக்கு ஒரு போன் போட்டு, "சில்வரோடு கேண்டிட் போட்டோகிராபரை மட்டும் சேர்த்தால் எவ்வளவு?" என்று கேளுங்கள். அட்டையில் இல்லாத அந்த நாலாவது பேக்கேஜ்தான் உங்களுக்கு வேண்டியதாக இருக்கும் என்பது என் கணிப்பு. கடைசியில் நீங்கள் பிளாட்டினமே எடுத்தாலும் தப்பில்லை, ஆனால் அதற்கான காரணம் அந்த எட்டாயிரமாக இருக்கக்கூடாது.

உங்கள் வீட்டில் எல்லோர் வாயிலும் இப்போது எட்டாயிரம் என்ற எண்தான் ஓடுகிறது. அது எங்கிருந்து வந்தது? கோல்டுக்கும் பிளாட்டினத்துக்கும் உள்ள வித்தியாசத்திலிருந்து. சரி, கோல்டை எடுப்பதாக நீங்கள் எப்போதாவது நினைத்தீர்களா? உங்கள் கையில் இருந்த கணக்கு 50,000. 82,000 ரூபாய்க்கு ஒரு பேக்கேஜ் எடுக்கலாம் என்று யாருமே சொல்லவில்லை, தம்பி உட்பட. எடுக்கவே போகாத ஒன்றின் விலையிலிருந்து ஏன் வித்தியாசம் பார்க்க வேண்டும்? நீங்கள் நிற்கிற இடம் சில்வர், போகச் சொல்கிற இடம் பிளாட்டினம், நடுவே இருக்கிற தூரம் 45,000. பச்சைத் தேயிலை கிலோ 20 ரூபாய்க்குப் போகிறது என்று வைத்தால் எட்டாயிரம் என்பது 400 கிலோ இலை, 45,000 என்பது 2,250 கிலோ இலை. பறிக்கிற கைக்கு இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதே விஷயத்தைக் கடைக்காரர் பக்கத்திலிருந்து பாருங்கள். நீலகிரியிலும் மேட்டுப்பாளையத்திலும் தங்கும் விடுதிகளுக்கும் மண்டபங்களுக்கும் ஸ்டுடியோக்களுக்கும் விலை அட்டை போட்டுக் கொடுப்பது என் தொழிலில் ஒரு பகுதி, அதனால் அந்த மேஜைக்கு அந்தப் பக்கம் என்ன பேசுவார்கள் என்று தெரியும். அட்டையில் சில்வர் 45,000, பிளாட்டினம் 90,000 என்று இரண்டு வரி மட்டும் இருந்தால் என்ன ஆகும்? பார்க்கிறவருக்கு முதலில் தோன்றுவது "இரண்டு மடங்கா!" என்பதுதான். அப்புறம் ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பிப்பார்: ட்ரோன் எதற்கு, திரை எதற்கு, இதைக் கழித்தால் எவ்வளவு குறைப்பீர்கள். பாதிப் பேர் சில்வரோடு போய்விடுவார்கள். கடைக்காரருக்கு இந்தப் பேச்சு பிடிக்காது.

நடுவில் 82,000 என்று ஒரு வரி போட்டால் பேச்சே மாறிவிடுகிறது. சில்வரிலிருந்து கோல்டுக்கு ஏற 37,000 ரூபாய், கிடைப்பது ஒரு கேண்டிட் போட்டோகிராபரும் பத்து ஷீட்டும். கோல்டிலிருந்து பிளாட்டினத்துக்கு ஏற 8,000 ரூபாய், கிடைப்பது ஐந்து சாமான். முதல் படி பனைமரம் உயரம், இரண்டாவது படி திண்ணை உயரம். இப்படி ஒரு அட்டையைப் பார்க்கிற யாரும் இரண்டாவது படியைத்தான் பேசுவார்கள், "எட்டாயிரத்துக்கு இவ்வளவா!" என்பார்கள், பேசுகிற வேகத்தில் முதல் படியையும் சேர்த்து ஏறிவிட்டது கவனத்துக்கே வராது. கோல்டு ஒரு தடவைகூட விற்க வேண்டியதில்லை. அந்த வரியை அச்சடிக்கக் கூடுதல் செலவும் இல்லை. அது அங்கே இருந்தாலே போதும், பிளாட்டினம் விற்கும்.

விலை நிர்ணயத்தில் இதற்கு டிகாய் என்று பெயர். 1982-ல் ஜோயல் ஹ்யூபர், ஜான் பெய்ன், கிறிஸ்டோபர் பூட்டோ என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் கார், பியர், உணவகம் போன்றவற்றை வைத்துச் சோதித்து இதை எழுதினார்கள். அன்றுவரை எல்லோரும் சாதாரணமாக நம்பிவந்த ஒரு விதி உண்டு: இருக்கிற பொருட்களோடு புதிதாக ஒன்றைச் சேர்த்தால் பழையவற்றின் பங்கு குறையலாம் அல்லது அப்படியே இருக்கலாம், கூடாது. இவர்கள் காட்டியது அதற்கு நேர்மாறு. ஒரு பொருளைவிடத் தெளிவாக மட்டமான இன்னொன்றைப் பக்கத்தில் வைத்தால், அந்த நல்ல பொருளை எடுப்பவர்கள் கூடினார்கள்.

பிற்பாடு டான் ஏரியலி செய்த சோதனை இதைவிடப் பளிச்சென்று இருக்கும். 'தி எகனாமிஸ்ட்' பத்திரிகையின் சந்தா விளம்பரம் ஒன்று: இணையத்தில் மட்டும் படிக்க 59 டாலர், அச்சு இதழ் மட்டும் 125 டாலர், அச்சும் இணையமும் சேர்த்து அதே 125 டாலர். அமெரிக்காவின் எம்.ஐ.டி. மாணவர்கள் 100 பேரிடம் காட்டியபோது 84 பேர் சேர்த்து வருவதை எடுத்தார்கள், 16 பேர் இணையம் மட்டும், நடுவில் இருந்த அச்சு மட்டும் என்பதை ஒருவரும் தொடவில்லை. யாருமே தொடாத அந்த வரியை எடுத்துவிட்டு வேறு 100 மாணவர்களிடம் கேட்டபோது 68 பேர் 59 டாலர் சந்தாவுக்குப் போய்விட்டார்கள், 125-க்கு 32 பேர்தான். இது மாணவர்களிடம் கேட்ட கேள்விதான், கல்லாவில் விழுந்த காசு இல்லை, அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் யாரும் வாங்காத ஒரு வரி எப்படி வேலை செய்கிறது என்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட முடியாது.

உங்கள் கோல்டு அந்த அளவுக்கு அப்பட்டமானது இல்லை. விலையில் எட்டாயிரம் குறைவு, அதனால் "எனக்கு அந்தக் கூடுதல் சாமானெல்லாம் வேண்டாம்" என்று ஒருவர் எடுக்க ஒரு சாக்கு இருக்கிறது. கடைகளில் நாம் பார்ப்பது பெரும்பாலும் இந்த ரகம்தான். அதே விலைக்கு மட்டமானதை வைத்தால் வாடிக்கையாளர் சிரித்துவிடுவார், கொஞ்சம் குறைத்து வைத்தால் சிரிக்க மாட்டார், கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார், அந்தக் கணக்கில் பிளாட்டினம் ஜெயிக்கும்.

ஸ்டுடியோக்காரர் வேண்டுமென்றே செய்தாரா? அட்டையைப் பார்த்து அவர் மனதைப் படிக்க முடியாது. கோல்டுதான் போன வருஷம் வரை பெரிய பேக்கேஜாக இருந்திருக்கலாம், சொந்தமாக ட்ரோன் வாங்கிய பிறகு பிளாட்டினத்தை மேலே சேர்த்துவிட்டுப் பழைய வரியை அழிக்காமல் விட்டிருக்கலாம். அப்படியே இருந்தாலும் உங்கள் மேல் அது செய்கிற வேலை ஒன்றுதான். கண்டுபிடிக்க ஆசையாக இருந்தால் ஒரு வழி சொல்கிறேன். கடைக்குப் போய் "கோல்டு எடுத்தவங்க ஆல்பம் ஒண்ணு காட்டுங்க" என்று சாதாரணமாகக் கேளுங்கள். சில்வர் ஆல்பம் அலமாரியில் அடுக்கி இருக்கும், பிளாட்டினம் கண்ணாடிப் பெட்டியில் இருக்கும். கோல்டு ஆல்பத்தைத் தேட ஆரம்பித்தால், அல்லது "கோல்டு வாங்குறவங்க எல்லாம் பிளாட்டினத்துக்கு மாறிடுவாங்க மேடம்" என்று பதில் வந்தால், உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது.

கடைக்குப் போகாமலே வீட்டில் பார்க்கவும் ஒரு கேள்வி இருக்கிறது: இந்த நடு வரியை எடுப்பதுதான் புத்திசாலித்தனம் என்று சொல்லத்தக்க ஒரு குடும்பத்தை உங்களால் கற்பனை செய்ய முடிகிறதா? சில்வருக்கு முடியும், கையில் 50,000 இருக்கிற குடும்பம். பிளாட்டினத்துக்கும் முடியும், எல்லாம் வேண்டும், பணமும் இருக்கிறது என்ற குடும்பம். கோல்டுக்கு யார்? 82,000 கொடுக்க முடியும், ஆனால் 90,000 முடியாது, இரண்டாவது ஆல்பமே வேண்டாம் என்ற ஒரு குடும்பம். நானும் தேடிப் பார்க்கிறேன், கிடைக்கவில்லை. ஒழுங்காகப் போட்ட மூன்று வரி அட்டையில் நடு வரிக்கும் ஒரு சொந்தக்காரர் இருப்பார். கோல்டு 62,000 என்று இருந்திருந்தால் நான் உங்களிடம் இவ்வளவு பேசியிருக்க மாட்டேன், அதையே எடுங்கள் என்றிருப்பேன்.

இப்போது கணக்குக்கு வருவோம். அட்டையின் நடுப் பத்தியை ஒரு காகிதத்தால் மூடிவிடுங்கள், நிஜமாகவே மூடுங்கள், மனதில் மூடினால் மூடாது. மிச்சம் இருப்பது சில்வரும் பிளாட்டினமும். பிளாட்டினத்தில் கூடுதலாக வருகிற ஒவ்வொன்றையும் ஒரு நோட்டில் வரிசையாக எழுதி, எதிரே ஒரு தொகை போடுங்கள். என்ன தொகை என்பதில்தான் பலர் சறுக்குவார்கள். கடையில் அது தனியாக என்ன விலை என்று எழுதக்கூடாது. "இது தனியாக விற்பனைக்கு வந்தால், சில்வர் எடுத்த பிறகு நாங்கள் வீட்டுக் காசிலிருந்து எவ்வளவு வரை கொடுப்போம்?" என்பதுதான் தொகை. ட்ரோனுக்குச் சந்தையில் பன்னிரண்டாயிரம் வாங்கலாம், உங்களுக்கு அது வேண்டாம் என்றால் நோட்டில் பூஜ்யம்தான். "அவ்வளவு விலையுள்ளது சும்மா வருதே" என்ற நினைப்புதான் பிளாட்டினத்தை விற்கிறது.

உங்கள் கடிதத்தை வைத்து நான் ஒரு தடவை போட்டுப் பார்க்கிறேன், தொகைகள் என் ஊகம், நீங்கள் மாற்றிக்கொள்ளுங்கள். கேண்டிட் போட்டோகிராபர், 18,000. தாலி கட்டும்போது அப்பா முகம், பாட்டி கண்ணைத் துடைப்பது இதெல்லாம் வழக்கமான போட்டோவில் வராது, இதற்குக் கொடுக்கலாம். பத்து ஷீட் கூடுதல், 2,000. குட்டி வீடியோ, போனில் சொந்தக்காரர்களுக்கு அனுப்ப நன்றாக இருக்கும், 8,000. இரண்டாவது ஆல்பம், சம்பந்தி வீட்டுக்குக் கொடுக்க, 7,000. எல்.இ.டி. திரை, மேடையிலிருந்து பத்து வரிசை தள்ளி உட்கார்ந்தாலே எல்லாம் தெரிகிற நம் மலை மண்டபங்களில் எதற்கு, பூஜ்யம்.

ட்ரோனுக்கும் நான் பூஜ்யம்தான் போடுவேன், அதற்குக் காரணம் ஐப்பசி. குன்னூர், கோத்தகிரி பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் நன்றாகப் பெய்யும், அது அடிக்கிற மாதத்தில் கல்யாணம் வைத்திருக்கிறீர்கள். மதியத்துக்கு மேல் பனிமூட்டம் இறங்கினால் எதிர் வீடே தெரியாது, அதில் மேலிருந்து எதைப் படம் பிடிப்பது? அதோடு குன்னூர் என்றால் வெலிங்டன் ராணுவப் பகுதியும் அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையும் ஒட்டியே இருக்கின்றன, ட்ரோன் என்பது நினைத்த இடத்தில் பறக்கவிடுகிற சாமான் இல்லை. உங்கள் மண்டபம் இருக்கிற இடத்தில் பறக்கவிடலாமா, அனுமதி யார் வாங்குவது என்று ஸ்டுடியோக்காரரைக் கேளுங்கள். கோயம்புத்தூரிலிருந்து வந்து அட்டை அடிக்கிறவர்கள் இதையெல்லாம் யோசிப்பதே இல்லை, கீழே செல்லுபடியாகிற பேக்கேஜ் மேலேயும் செல்லும் என்று நினைத்துவிடுகிறார்கள்.

மிச்சம் இருப்பது அவுட்டோர் ஷூட். அதே மழை இதற்கும் உண்டு, தேயிலைத் தோட்டத்துக்குள் எடுக்க நிர்வாகத்திடம் கேட்க வேண்டும், பூங்கா என்றால் அங்கேயும் அனுமதியும் கட்டணமும் இருக்கும், அந்தக் காசு பேக்கேஜில் சேர்ந்ததா என்று அட்டையில் எழுதியிருக்காது. (உங்கள் சொந்தத் தோட்டத்திலேயே எடுக்கலாம், அது வேறு விஷயம்.) 4,000 என்று போடுகிறேன்.

கூட்டினால் 18, 2, 8, 7, 4, மொத்தம் 39,000. கொடுக்கச் சொல்வது 45,000. ஆறாயிரம் நஷ்டம். பெரிய அநியாயம் என்று சொல்ல மாட்டேன், கிட்டத்தட்ட வந்துவிட்டது. அதனால்தான் பிளாட்டினம் மோசடி என்று நான் எழுதவில்லை. ஆனால் சில்வரோடு கேண்டிட் மட்டும் என்ற நாலாவது பேக்கேஜை 15,000 கூடுதலுக்குத் தருகிறார்கள் என்று வையுங்கள். 18,000 மதிப்புள்ளதை 15,000-க்கு வாங்குகிறீர்கள், மூவாயிரம் லாபம், மொத்தச் செலவு 60,000. பிளாட்டினத்தைவிட முப்பதாயிரம் கையில் நிற்கிறது. இரண்டாவது ஆல்பம் வேண்டுமென்றால் அதையும் தனியாகக் கேட்டுச் சேர்க்கலாம்.

இன்னொன்று. உங்கள் கடிதத்தில் தம்பி பேசுகிறார், வீட்டுக்காரர் தலையாட்டுகிறார், கல்யாணப் பெண் என்ன சொன்னாள் என்று ஒரு வரி இல்லை. அவளிடம் கேளுங்கள். தோழிகள் எல்லோரும் அவுட்டோர் ஷூட் எடுத்திருக்கிறார்கள், எனக்கும் அது வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டால் நோட்டில் 4,000 என்ற இடம் 15,000 ஆகலாம். அப்போது கூட்டுத்தொகை 50,000, கேட்கிற 45,000-ஐத் தாண்டிவிட்டது, பிளாட்டினம் நியாயமான தேர்வுதான், பணம் புரட்ட முடிந்தால் எடுங்கள். முதலில் சில்வரோடு அவுட்டோர் ஷூட்டையும் கேண்டிட்டையும் மட்டும் சேர்த்து விலை கேட்டுவிட்டு எடுங்கள், அவ்வளவுதான். மாற்றியது மகளின் ஆசையாக இருக்கட்டும், கோல்டின் விலையாக இருக்க வேண்டாம்.

அட்டையோடு மட்டும் உட்கார்ந்து முடிவெடுக்காதீர்கள் என்பதற்கு இன்னொரு காரணமும் சொல்கிறேன். 2014-ல் ஷேன் ஃபிரெடரிக்கும் உடன் ஆய்வு செய்தவர்களும் இந்த டிகாயை மறுபடி சோதித்தார்கள். தகவலை எண்களாகக் கட்டத்துக்குள் எழுதிக் கொடுத்தபோது தந்திரம் வேலை செய்தது. அதே பொருட்களைப் படமாகக் காட்டியபோதும், நேரில் அனுபவிக்க விட்டபோதும் அது பெரும்பாலும் காணாமல் போய்விட்டது. இதைப் பற்றி ஆய்வாளர்களுக்குள் வாக்குவாதம் நடந்தது, ஹ்யூபர் தரப்பும் பதில் எழுதியது, அது நமக்கு வேண்டாம். நமக்கு உதவுகிற செய்தி, இந்தத் தந்திரத்துக்கு வீடு அந்தக் கட்டம் போட்ட அட்டைதான். "40 ஷீட், 30 ஷீட்" என்று படிக்கும்போது நாற்பது பெரிது. இரண்டு ஆல்பங்களையும் மடியில் வைத்துப் புரட்டும்போது முப்பதே போதும் என்றோ, இவர்கள் கேண்டிட் போட்டோவே சுமார்தான், 18,000 கொடுக்க மாட்டேன் என்றோ தோன்றலாம். ஆகவே நேரில் போய், ஒரே கல்யாணத்தின் முழு ஆல்பத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பல கல்யாணங்களிலிருந்து பொறுக்கிச் சேர்த்த மாதிரி ஆல்பத்தில் எல்லாப் படமும் நன்றாகத்தான் இருக்கும்.

அடுத்து சமையல்காரரிடமும் மண்டபத்திலும் இதே மாதிரி மூன்று வரி அட்டை வரும், அதனால் இதன் தம்பியையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். அங்கே தள்ளுகிற வரி பெரும்பாலும் நடுவில் இருக்கும், மேலே யாரும் எடுக்க மாட்டாத ஒரு பெரிய விலை நிற்கும். இலைக்கு 250, 380, 650 என்று போட்டால் 250 கொடுத்தால் சம்பந்தி என்ன நினைப்பார் என்று கூச்சம், 650 என்றால் தலை சுற்றும், கை தானாக 380-க்குப் போகும். இட்டமார் சைமன்சனும் ஏமஸ் டிவெர்ஸ்கியும் 1992-ல் கேமராவை வைத்து இதைக் காட்டினார்கள். 170 டாலர் கேமராவும் 240 டாலர் கேமராவும் மட்டும் இருந்தபோது பாதிப் பாதியாகப் பிரிந்தார்கள், 470 டாலருக்கு ஒன்றைச் சேர்த்ததும் 240 டாலர் கேமராவுக்கு 57 சதவீதம் பேர் போனார்கள். ஆக, எந்த வரி ஒட்டாமல் நிற்கிறது என்று பாருங்கள். மேல் வரி எட்டாத உயரத்தில் நின்றால் விற்க நினைப்பது நடுவை. நடு வரி மேல் வரியோடு உரசிக்கொண்டு நின்றால், உங்கள் அட்டை மாதிரி, விற்க நினைப்பது மேலே உள்ளதை. காகிதத்தால் மூடுகிற வைத்தியம் இரண்டுக்கும் பொருந்தும், எதை மூடுவது என்பதுதான் மாறும்.

புகார் செய்யலாமா என்று தம்பி கேட்டால், முடியாது. மூன்று விலையும் அட்டையில் ஒளிவுமறைவில்லாமல் இருக்கிறது, கடைக்காரர் பொய் எதுவும் சொல்லவில்லை. 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இணைய வியாபாரத்தில் கூடாத ஏமாற்று வடிவங்கள் என்று 13 வகைகளைப் பட்டியல் போட்டது. போலி அவசரம் காட்டுவது, கேட்காததைக் கூடையில் போடுவது, விலையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக் காட்டுவது எல்லாம் அதில் உண்டு, டிகாய் விலை அதில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கெடுவும்கூட இரண்டு விதமாக இருக்கலாம். ஐப்பசி முகூர்த்தங்கள் கொஞ்சம்தான், நல்ல கேமராக்காரர்கள் உண்மையிலேயே புக் ஆகிவிடுவார்கள். "தேதிக்காக 2,000 கொடுத்து வைக்கிறேன், பேக்கேஜ் எது என்று பிறகு சொல்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். தேதிதான் பிரச்சினை என்றால் ஒப்புக்கொள்வார். ஒப்புக்கொள்ளாவிட்டால் கெடு பிளாட்டினத்துக்கு என்று தெரிந்துகொள்ளுங்கள்.

போனில் பேசும்போது கோல்டைப் பற்றியே வாயைத் திறக்காதீர்கள். "சில்வர் எடுக்கிறோம், கேண்டிட் ஒருத்தர் மட்டும் சேர்க்கணும், எவ்வளவு?" அவ்வளவுதான். 12,000 முதல் 18,000-க்குள் சொன்னால் முடித்துவிடுங்கள். "அப்படியெல்லாம் பிரிச்சுத் தர்றதில்லை" என்றாலோ, "அப்போ அது கோல்டு ஆயிடும்மா, 82,000" என்றாலோ, சில்வரை மட்டும் அங்கே எடுத்துவிட்டு ஊட்டியிலோ குன்னூரிலோ தனியாக ஒரு கேண்டிட் போட்டோகிராபரைப் பேசலாம். இதில் ஒரு சிக்கல் உண்டு, இரண்டு குழு மேடையில் ஒருவருக்கொருவர் குறுக்கே நிற்பார்கள், அந்தப் படங்களை இந்த ஸ்டுடியோ ஆல்பத்தில் சேர்க்க மாட்டேன் என்றும் சொல்லலாம். வெளி ஆள் வருவதையும், அவர் படங்களை இதே 30 ஷீட்டில் கலந்து வடிவமைத்துத் தருவதையும் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே பேசி, ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்டுடியோவே கேண்டிட் ஆளை அனுப்புவதாக இருந்தால், எந்த ஆளின் ஆல்பத்தைப் பார்த்து ஒப்புக்கொண்டீர்களோ அவர் பெயரும் ரசீதில் இருக்கட்டும். முகூர்த்த நாளில் ஒரே ஆளை மூன்று கல்யாணத்துக்குக் காட்டிவிட்டு வேறு பையனை அனுப்பும் பழக்கம் இங்கே உண்டு.